மூடுபனி வளையமா, கண் அழுத்தமா?

“கோத்தகிரியில் இருக்கும் அம்மாவுக்கு வயது 58. கண்ணாடிச் சீட்டில் இரண்டு கண்ணுக்கும் +3.00, ஆட் +2.25. சாயங்காலம் விளக்கைச் சுற்றி வானவில் வளையம், தலைவலி. பவர் மாற்றினால் போதுமா?”

போதாது. ஆட் என்பது படிக்கச் சேர்க்கும் பவர், வயதால் வருவது, அதை விடுங்கள். கவனிக்க வேண்டியது அந்த +3.00. பிளஸ் பவர் கண் பெரும்பாலும் நீளம் குறைந்தது, உள்ளே இடம் நெருக்கம். வயதாக ஆக கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தடித்து, கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸை முன்னே தள்ளும். இருட்டில் கண்மணி விரியும்போது, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் ஐரிஸ் ஓரத்துக் கோணம் அடைபடலாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவில் நீர் கோத்து வளையம் தெரியும். தூங்கினால் கண்மணி சுருங்கி அடங்கிவிடும். அதனால்தான் வெறும் தலைவலி என்று விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் ஊர் மூடுபனியில் தெருவிளக்கைச் சுற்றி எல்லோருக்குமே வளையம் தெரியும். வீட்டுக்குள் பல்பை ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் தெரிந்தால் கண்ணில்தான் காரணம். கண்புரையாகவும் இருக்கலாம்.

வலி இல்லாத நேரத்தில் அழுத்தம் சாதாரணமாகவே காட்டலாம். அதனால் கோனியோஸ்கோபி செய்து கோணத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறுகலாக இருந்தால் லேசரில் ஐரிஸில் சிறு துளை போடுவார்கள். கண் சிவந்து, வாந்தியோடு பார்வை மங்கினால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.