ஓட்டு வீட்டு ஒப்பந்தத்தில் ரிப்பேர் யார் செலவு?

"கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு, வாடகை 9,000. ஒப்பந்தத்தில் 'எல்லா ரிப்பேரும் வாடகைதாரர் செலவு' என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?"

அந்த வரியை மாற்றாமல் போடாதீர்கள். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகினால் அந்தச் செலவையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கட்டட அமைப்பு, குழாய் மாற்றுதல், வயரிங், வெள்ளையடிப்பு ஆகியவற்றை வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு போன்றவை உங்கள் பொறுப்பு. இதையே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 'கூரை, ஓடு, மரச்சட்டம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு' என்று தனியாகவும் சேருங்கள்.

அவர் செய்யாவிட்டால் என்ன என்பதும் அதில் வேண்டும். 'எழுத்தில் தெரிவித்து 15 நாளில் செய்யாவிட்டால் வாடகைதாரர் செய்து, ரசீது காட்டி, மாத வாடகையில் பாதிக்கு மிகாமல் கழிக்கலாம்' என்று எழுதலாம். ஓடு மாற்ற 12,000 ஆனால் இரண்டு மாதம் 4,500, மூன்றாம் மாதம் 3,000 கழியும்.

அட்வான்ஸில் தகராறு வருவதும் ரிப்பேரால்தான். குடிபோகும் அன்றே உத்தரத்துக் கறை, சுவர் ஓதம் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து படமெடுத்து, பட்டியலிட்டு, கையெழுத்துடன் இணைத்துவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் பாக்கியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கட்டும். வாடகை உயர்வுக்குச் சதவீதமும் தேதியும், நோட்டீஸுக்கு இரு தரப்புக்கும் ஒரே கால அளவும் போதும்.