மேல் வரியை மாற்றலாம், பதவியை மாற்றக் கூடாது

நிறுவனத்தில் என் பதவி Reporting Executive. செய்வதென்னவோ டேட்டா அனாலிஸ்ட் வேலைதான். விளம்பரத்தில் உள்ள பதவிப் பெயரையே ரெஸ்யூமின் மேலே எழுதினால்தான் நிறுவனங்கள் ரெஸ்யூம்களைச் சலிக்கும் சாஃப்ட்வேரில் சிக்கும் என்றார்கள். அதனால் Senior Data Analyst என்று போட்டேன். அனுபவப் பகுதியிலும் பதவியை அப்படியே மாற்றினேன். தம்பிக்கும் இதே வேலை, இதே பதவி. அவன் ரெஸ்யூமையும் நானே திருத்தி அனுப்பிவிட்டேன், அவனுக்குத் தெரியாது. இருவருக்குமே அழைப்பு இல்லை. ஏன்?

"அவனுக்குத் தெரியாது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நேர்காணலில் "எப்போது சீனியர் ஆனீர்கள்?" என்று கேட்டால் அந்தப் பையன் என்ன சொல்வான்? வேலை கிடைத்தாலும், அனுபவச் சான்றிதழில் வேறு பதவி இருந்தால் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடும். பொய் சொன்னவன் என்ற பெயர் அவனுக்குத்தான். வீட்டில் மூத்தவருக்குத் தம்பியை வழிநடத்தும் கடமை உண்டு. அவனைக் கேட்காமல் அவன் பெயரில் பொய் எழுதும் உரிமை கிடையாது.

இரண்டு வரிகளை நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். பெயருக்குக் கீழே வரும் வரி, நீங்கள் எந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று சொல்வது. அங்கே விளம்பரத்தின் சொற்களை அப்படியே எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர் Data Analyst என்று தேடும்போது அந்தச் சொற்கள் இருக்கும் ரெஸ்யூம்கள்தான் முதலில் வரும். Senior என்பது மட்டும் வேண்டாம், அந்த அளவு பொறுப்பை நீங்கள் உண்மையிலேயே சுமந்திருந்தால் தவிர. அனுபவப் பகுதியில் வரும் பதவியோ நிறுவனம் தந்தது. பல சாஃப்ட்வேர்கள் 'தற்போதைய பதவி' என்ற கட்டத்தை அங்கிருந்துதான் நிரப்புகின்றன. அதைத் தொடாதீர்கள், பக்கத்தில் விளக்கம் சேருங்கள்:

```
Data Analyst | SQL, Power BI

Reporting Executive (Data Analysis)
```

முதல் வரி பெயருக்குக் கீழே, இரண்டாவது அனுபவப் பகுதியில். அடைப்புக்குறிக்குள் இருப்பது நீங்கள் செய்யும் வேலை என்பதால் யார் கேட்டாலும் பதில் சொல்லலாம்.

சரி, அழைப்பு ஏன் வரவில்லை? அந்த மேல் வரியை வேர்டின் ஹெடர் பகுதியிலோ டெக்ஸ்ட் பாக்ஸிலோ வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சில சாஃப்ட்வேர்கள் அவற்றைப் படிப்பதில்லை. ரெஸ்யூம் முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரி காணவில்லை அல்லது வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது என்றால், சாஃப்ட்வேருக்கும் அது அப்படித்தான் தெரிய வாய்ப்பு அதிகம். சாதாரண வரியாக மேலே எழுதிவிடுங்கள். அது சரியாக இருந்தால், விண்ணப்பப் படிவத்தில் "எத்தனை வருட அனுபவம்?" போன்ற கேள்விகளுக்கு என்ன பதில் தந்தீர்கள் என்று பாருங்கள். அந்தப் பதில்களை வைத்தே பலரை ஒதுக்கிவிடுவது உண்டு. தலைப்பை எப்படி மாற்றினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

முதலில் தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். கோபப்படுவான், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எங்கெங்கே அனுப்பினீர்கள் என்ற பட்டியலை அவனிடம் கொடுங்கள். திருத்திய ரெஸ்யூமை அவனே அனுப்பட்டும்.