குறிப்பில்லாத பெயருக்குக் கடிதம் வேண்டாம்

கேள்வி: சிறு பதிப்பகம் ஒன்றில் கல்லூரி நூலகங்களுக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. நாற்பது மாதிரிக் கடிதங்களைக் கூகுள் ஷீட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன். "போன முறையும் இதே வரிகளைத்தானே அனுப்பினீர்கள்?" என்று ஒரு நூலகர் கேட்டுவிட்டார். என்ன செய்யலாம்? – வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நாற்பது கடிதங்களையும் முழுக் கடிதங்களாக வைத்திருப்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். விலை, கழிவு, அனுப்பும் செலவு ஆகியவற்றைச் சொல்லும் நடுப்பகுதி எத்தனை முறை வந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. அது மாறினால்தான் குழப்பம். பழைய கடிதம் என்று காட்டிக்கொடுப்பவை தொடக்கத்தின் இரண்டு வரிகளும் இறுதியில் வைக்கும் வேண்டுகோளும்தான். எனவே நடுப்பகுதிகளை மட்டும் ஒரு தாளில் வைத்துக்கொண்டு, தொடக்கத்தை ஒவ்வொரு முறையும் குறிப்பிலிருந்து புதிதாக எழுதுங்கள். வேண்டுகோள்களை 'வே1', 'வே2' என்று எண்ணிட்டு வையுங்கள்.

இன்னொரு தாளில், அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரிசை இருக்கட்டும்: A-யில் தேதி, B-யில் கல்லூரி, C-யில் பெறுபவர், D-யில் வேண்டுகோள் எண், E-யில் குறிப்பு. முதல் வரிசையைத் தலைப்புகளுக்கு விட்டு, F2-இல் இந்தச் சூத்திரத்தை இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIFS(B:B,B2,D:D,D2)
```

விடை 1-க்கு மேல் வந்தால், அந்த வேண்டுகோள் அக்கல்லூரிக்கு ஏற்கெனவே போயிருக்கிறது. பெறுபவரை விட்டுவிட்டுக் கல்லூரியை எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நூலகருக்கு வரும் கடிதம் துறைத்தலைவரின் மேசைக்கும் போய்ச் சேரும். கல்லூரிப் பெயரை ஒரு முறை ஊருடனும் மறுமுறை ஊரில்லாமலும் தட்டச்சு செய்தால் சூத்திரம் அவற்றை இரு வேறு கல்லூரிகளாகவே எண்ணும் என்பதால், பெயரைத் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுப்பதே நல்லது.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது E-யில்தான். 'ஆர்வம் காட்டினார்' என்ற குறிப்பிலிருந்து ஒரு வரியும் பிறக்காது. 'துறையிலிருந்து பட்டியல் வந்தால்தான் வாங்க முடியும் என்றார், நாட்டார் வழக்காற்றியல் நூல்கள் குறைவு என்றார்' என்று அவர் சொன்னபடியே எழுதி வைத்திருந்தால், அடுத்த கடிதம் தானாகவே இப்படித் தொடங்கும்: "துறைப் பட்டியல் வந்த பிறகே வாங்க இயலும் என்று தெரிவித்திருந்தீர்கள். துறைத்தலைவரிடம் காட்டுவதற்கு வசதியாக, நாட்டார் வழக்காற்றியல் நூல்களை மட்டும் ஒரே பக்கத்தில் தொகுத்து இணைத்துள்ளேன்." இதை வேறெந்த நூலகருக்கும் அனுப்ப முடியாது. தொலைபேசியை வைத்த உடனே குறிப்பை எழுதிவிடுங்கள். மாலையில் எழுதினால் அவருடைய சொற்கள் போய் உங்கள் சொற்கள் வந்துவிடும்.

E வெறுமையாக இருந்தால் அன்று அந்தக் கல்லூரிக்கு எழுத வேண்டாம். முதலில் பேசுங்கள், அல்லது அவர்களுடைய நூலகப் பக்கத்தைப் பாருங்கள். பின்னாளில் வாடிக்கையாளர் தொடர்புகளைப் பதிந்துவைக்கும் சிஆர்எம் மென்பொருளுக்கு மாறினாலும் A முதல் E வரையிலான இதே ஐந்து நெடுவரிசைகளை அப்படியே கொண்டுபோகலாம்.