இரவில் ஃபிட்னஸ் பேண்ட் காட்டும் +0.4: இது உள்காய்ச்சலா?

டாக்டர், எனக்கு வயது 31. மூன்று மாதமாக ஃபிட்னஸ் பேண்ட் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். காலையில் செயலியைத் திறந்தால் தோல் வெப்பநிலை சில நாள் -0.2, சில நாள் +0.4 என்று வருகிறது. ஜூன் 20 முதல் பன்னிரண்டு இரவு தொடர்ந்து கூடுதலாகவே இருந்தது. ஜூலை 9 அன்று +1.1 காட்டியதும் பயந்துவிட்டேன். அன்றைக்குக் கரண்ட் போய் ஏசி ஓடவில்லை, சரியாகத் தூங்கவும் இல்லை. தெர்மாமீட்டரில் 98.2தான். அம்மா "இது உள்காய்ச்சல்" என்கிறார். மாதவிடாய் ஜூன் 4, பிறகு ஜூலை 3. மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. செயலியின் படங்களை இணைத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

ரத்தப் பரிசோதனை இப்போதைக்கு வேண்டாம். படங்களோடு மாதவிடாய் தேதிகளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று, விடை அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது.

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். +0.4 என்பது உங்கள் காய்ச்சல் அளவு அல்ல. மணிக்கட்டின் தோல், தூக்கத்தின்போது, உங்களுடைய வழக்கமான அளவைவிட 0.4 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது என்பது மட்டுமே அதன் பொருள். அந்த வழக்கமான அளவு எது என்பதைப் பேண்ட் உங்கள் முந்தைய இரவுகளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்கிறது. அதனால்தான் புதிதாகக் கட்டத் தொடங்கும்போது முதல் சில நாட்களுக்கு எதுவும் காட்டாது. வீட்டுத் தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்டில் பேசுகிறது, செயலி செல்சியஸில் பேசுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பலர் 98.6-உடன் 0.4-ஐக் கூட்டிப் பார்த்து 99 என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு எந்த விதத்திலும் பொருந்தாது.

மணிக்கட்டுத் தோலும் உடம்பின் உட்புறமும் இரவில் ஒரே திசையில் போவதும் இல்லை. கைக்குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது அதன் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கதகதவென்று இருக்கும். தூக்கம் வரும் நேரத்தில் கை கால்களில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, உள்ளே இருக்கும் வெப்பம் தோல் வழியாக வெளியேறுகிறது. உட்புற வெப்பம் மெல்ல இறங்கி, விடியலுக்குச் சற்று முன்பு மிகக் குறைவான அளவுக்கு வருகிறது. ஆக, மணிக்கட்டு சூடாக இருப்பது பல நேரம் உடம்பு குளிர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் தேதிகளுக்கு வருவோம். ஜூன் 4-இல் மாதவிடாய் தொடங்கியது. ஜூன் 5 முதல் 19 வரை எல்லா இரவும் -0.3-க்கும் 0-க்கும் இடையில் இருக்கின்றன. ஜூன் 20-இல் +0.2, அதற்கடுத்த இரவு +0.3, பிறகு +0.4 என்று ஏறி, ஜூலை 1 வரை அங்கேயே நிற்கிறது. ஜூலை 2 இரவு சட்டென்று -0.1. மறுநாள் மாதவிடாய். படிக்கட்டுபோல ஏறி நிற்கும் இந்தப் படியை மகப்பேறு மருத்துவர் யாரிடம் காட்டினாலும் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்: ஜூன் 18 அல்லது 19 வாக்கில் உங்களுக்குக் கருமுட்டை வெளியேறியிருக்கிறது.

காரணம் புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன். முட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த இடம் சினைப்பையிலேயே ஒரு சின்னச் சுரப்பியாக மாறி இந்த ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளையில் உடம்பின் வெப்பத்தைத் தீர்மானிக்கும் பகுதிக்குப் போய், அளவைக் கொஞ்சம் ஏற்றி வைக்கிறது. ஏற்றம் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை. கரு தங்கவில்லை என்றால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பி சுருங்கிவிடும், ஹார்மோன் இறங்கும், வெப்பமும் இறங்கும், மாதவிடாய் வரும். காலையில் எழுந்ததும் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பெண்கள் பல பத்தாண்டுகளாகக் குறித்து வந்த அதே ஏற்ற இறக்கத்தைத்தான் இன்று பேண்ட் மணிக்கட்டில் பிடிக்கிறது. உங்கள் இதயத் துடிப்பையும் பாருங்கள்: மாதத்தின் முதல் பாதியில் தூக்கத்தில் 60, இரண்டாம் பாதியில் 63. அதுவும் இந்த ஹார்மோன் காலத்தில் வழக்கமாக நடப்பதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இது பலருக்குப் பிடிபடுவதில்லை. உங்களுக்குப் பூஜ்யம் என்பது ஆரோக்கியமான இடமும் அல்ல, மற்றவை விலகலும் அல்ல. பேண்ட் பல வாரச் சராசரியை எடுக்கும்போது உங்களுடைய தாழ்ந்த பாதியையும் உயர்ந்த பாதியையும் கலந்து நடுவில் ஒரு கோடு போடுகிறது. அந்தக் கோட்டில் நீங்கள் அதிக நாள் இருக்கவே மாட்டீர்கள். மாதத்தில் பாதி நாள் அதற்குக் கீழே, மீதி நாள் அதற்கு மேலே. ஆகவே ஓர் இரவின் எண்ணைப் பூஜ்யத்தோடு ஒப்பிடாதீர்கள், போன மாதம் இதே கட்டத்தில் எவ்வளவு இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள்.

சரி, அந்த +1.1-க்கு என்ன காரணம்? ஜூலை 9 என்பது உங்கள் சுழற்சியின் ஏழாம் நாள். ஹார்மோன் கணக்குப்படி -0.2 இருந்திருக்க வேண்டும், ஆக உண்மையான விலகல் 1.3. பெரிய விலகல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே இரவில் உங்கள் இதயத் துடிப்பு 61, மூச்சு நிமிடத்துக்கு 14, இரண்டும் வழக்கம்போலவே. இங்கேதான் வித்தியாசம் தெரிகிறது. உள்ளிருந்து காய்ச்சல் வந்தால் இதயம் சும்மா இருக்காது. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு ஏறக்குறைய பத்து கூடும், மூச்சும் சற்று வேகப்படும். தோல் மட்டும் சூடாகி, துடிப்பும் மூச்சும் அசையாமல் இருந்தால் சூடு வெளியிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஏசி ஓடாத ஜூலை இரவு, அவ்வளவுதான். மறுநாள் -0.2-க்குத் திரும்பியிருப்பதும் அதையே காட்டுகிறது. போர்வைக்குள்ளோ தலையணைக்கு அடியிலோ கையை வைத்துத் தூங்கினாலும் இப்படி வரும். மது அருந்திய இரவிலும் ஏறும், ஆனால் அப்போது துடிப்பும் சேர்ந்து ஏறுவதால் குழப்பம் வரலாம். பட்டை தளர்ந்து மணிக்கட்டு எலும்பின் மேல் வழுக்கி வந்துவிட்டால், எண் காரணமே இல்லாமல் இறங்கும். எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் முழங்கைப் பக்கமாக, தோலோடு ஒட்டி, ஆனால் தடம் பதியாத அளவுக்குக் கட்டுங்கள்.

காய்ச்சலுக்கு இந்தப் பேண்டை நம்பவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது குளிர் எடுக்கிறதே, அப்போது கை கால் ஜில்லென்று இருக்கும், நெற்றியும் வயிறும் கொதிக்கும். வீட்டில் குழந்தை வளர்த்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதற்காகத் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் அப்படி ஆகிறது. அந்த நேரத்தில் மணிக்கட்டு வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால்கூட ஆச்சரியமில்லை. எனவே உடம்பு சரியில்லை என்று தோன்றினால் எண் என்னவாக இருந்தாலும் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். 100.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது காய்ச்சல். பேண்டில் இரண்டு மூன்று இரவு தொடர்ந்து ஒரு டிகிரிக்கு மேல் ஏறி, துடிப்பும் கூடவே ஏறினால், அதுவும் தெர்மாமீட்டர் எடுக்க ஒரு காரணம்.

அம்மா சொல்லும் உள்காய்ச்சலை நான் தள்ளிவிட மாட்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நம் ஊரில் ஓர் உண்மையான நோய் இருக்கிறது, காசநோய். அதில் மாலையில் லேசாகக் காய்ச்சல் வரும், இரவில் துணி நனைகிற அளவுக்கு வியர்க்கும், எடை குறையும், பெரும்பாலும் இருமலும் இருக்கும். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை. ஆனாலும் அம்மாவின் மனநிம்மதிக்காக ஒரு வாரம் மாலை ஐந்து, ஆறு மணிக்கு வாயில் தெர்மாமீட்டர் வைத்து எழுதி வையுங்கள். மாலையில் 99 வரை போவது இயல்புதான். தொடர்ந்து 100-ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ இருமலோ இரண்டு வாரம் நீடித்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், சளிப் பரிசோதனை இலவசம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் படியைக் கண்டுபிடித்ததும் பலர் அடுத்துச் செய்வது இதைத்தான். இதை வைத்துக் கருத்தடைக்கோ கருத்தரிக்கவோ நாள் குறிக்காதீர்கள். வெப்பம் ஏறுவது முட்டை வெளியேறிய பிறகு. முட்டையின் ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் அந்த நாளும். ஏற்றம் கண்ணில் படும்போது அந்த நாட்கள் அனேகமாக முடிந்திருக்கும். நடந்து முடிந்ததைத்தான் பேண்ட் சொல்கிறது, வரப்போவதை அல்ல. படியே இல்லாமல் மாதக்கணக்கில் கோடு தட்டையாக இருந்து, மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் வந்தால், அப்போது மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்குத் தட்டையாக இருப்பது எதிர்பார்த்ததுதான்.

உங்கள் சுழற்சி 29 நாள். இந்த மாதமும் ஜூலை 18, 19 வாக்கில் எண்கள் மறுபடி மேலே ஏறும், பயப்படாதீர்கள். ஆகஸ்ட் 1-ஐ ஒட்டி மாதவிடாய் வர வேண்டும். அது வராமல், உயர்ந்த அளவும் இறங்காமல் பதினெட்டு நாளைத் தாண்டினால், மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனைக் கிட் ஒன்று வாங்கி, காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். இரண்டு கோடு வந்தால், உள்காய்ச்சலுக்கென்று அம்மா வெந்தயத் தண்ணீரைக் கலக்கும் முன் அவரிடம் அந்தச் செய்தியைச் சொல்லிவிடுங்கள்.