நேர்காணல் அறையில் முதல் ஒரு நிமிடம்: கேள்வி பதில்

அடுத்த வாரம் சென்னையில ஒரு ஐ.டி. கம்பெனி இன்டர்வியூ. உள்ளே போனதும் கை கொடுக்கணுமா, குட் மார்னிங் மட்டும் போதுமா?

குட் மார்னிங்கை நீங்கள் சொல்லுங்கள், கையை அவர்கள் நீட்டட்டும். கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு வாயைத் திறங்கள். வாசலில் பாதி உடம்பு வெளியே இருக்கும்போதே சொன்னால் பெரும்பாலும் காதில் விழாது; அவர்கள் ரெஸ்யூமில் குனிந்திருப்பார்கள். நிமிர்ந்து பார்த்ததும் "குட் மார்னிங் சார், குட் மார்னிங் மேடம்", அடுத்து உங்கள் பெயர். பெயரைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே நாளில் பல பேரைப் பார்க்கிறவர்கள் மேசையில் முந்தைய ஆளின் தாளே இன்னும் கிடக்கலாம்.

பத்தரைக்கு வரச்சொல்லிவிட்டு பன்னிரண்டேகாலுக்கு உள்ளே அனுப்புவது சகஜம். மனப்பாடம் செய்த "குட் மார்னிங்" அப்போதும் வாயில் வந்துவிடும், உடனே திருத்தப் போய்த் தடுமாறுவீர்கள். எழும்போதே மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாமதான் முதல்ல கை நீட்டணும், நல்லா அழுத்திப் பிடிச்சாதான் தன்னம்பிக்கைன்னு யூடியூப்ல சொல்றாங்களே?

பாதி சரி. தொளதொளவென்று விரல் நுனியை மட்டும் கொடுப்பது உண்மையிலேயே மோசமாகத் தெரியும். ஆனால் அதற்கு மருந்து அழுத்தம் இல்லை, ஆழம். உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சவ்வு அவருடைய அதே இடத்தில் போய் முட்ட வேண்டும். பிறகுதான் விரல்களை மூட வேண்டும். அவசரத்தில் முன்னாலேயே மூடிவிடுவதால்தான் விரல்கள் மட்டும் சிக்குகின்றன. அவர் பிடிக்கும் அளவுக்கே நீங்களும் பிடியுங்கள். இரண்டு மூன்று தடவை லேசாக அசைத்து விட்டுவிடுங்கள். மோதிரம் போட்டவர் கையை நெரித்தால் வலிக்கும், அந்த வலிதான் அவர் நினைவில் நிற்கும்.

முதலில் நீட்டுவது பற்றி: உங்களை அழைத்துப் போக எச்.ஆர். ஆள் வெளியே வந்தால் நீட்டுவதில் தப்பில்லை. அறைக்குள், அகலமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம். அவர்கள் எழுந்து குனிய வேண்டிவரும். ஒருவர் மட்டும் நீட்டினால் அவருக்கு மட்டும் கொடுத்து, மற்றவர்களுக்குத் தலையசைத்தால் போதும். பெண் அதிகாரி கை நீட்டினால் அதே பிடி. கைகூப்பினால் நீங்களும் கைகூப்புங்கள்.

எனக்கு உள்ளங்கை எப்பவுமே ஈரமா இருக்கும். டென்ஷன்ல சொட்டும். என்ன பண்றது?

முதலில், ஃபைலும் போனும் இடது கையில் இருக்கட்டும். வலது கையில் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டே காத்திருந்தால் யாருக்கும் வியர்க்கும். போனவுடன் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவி முழுசாகத் துடையுங்கள். வலது பாக்கெட்டில் பருத்திக் கைக்குட்டை வைத்து, பெயரைக் கூப்பிட்டு எழும்போது ஒரு தடவை அழுத்திப் பிடித்து விடுங்கள். அவர் கண் முன்னால் பேண்ட்டில் துடைக்காதீர்கள், ஈரத்தைவிட அதுதான் தெரியும். பவுடரும் வேண்டாம், வியர்வையோடு கலந்தால் பிசுபிசுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சொட்டுகிறது என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை உண்டு, ஆனால் ஒரு வாரத்தில் பலன் தெரியும் என்று சொல்ல முடியாது.

முதல் நிமிஷத்துக்குத்தான் செல்ஃப் இன்ட்ரோ எழுதி வச்சிருக்கேன். இதைத் திருத்தித் தர்றீங்களா?

அது அடுத்த கட்டம், அவர்கள் கேட்ட பிறகு. இங்கே நடக்கும் தவறு வேறு. "இடம் கண்டுபிடிக்கச் சிரமமா இருந்ததா?" என்று கேட்பார்கள்; பதற்றத்தில் இருப்பவர் அதற்கே சொந்த ஊர், கல்லூரி, சதவீதம் என்று ஒப்பிக்க ஆரம்பிப்பார். "இல்ல சார், மெட்ரோவில் வந்தேன், ஸ்டேஷனிலிருந்து பக்கம்தான்." இவ்வளவே போதும். அது உங்கள் குரல் நிதானத்துக்கு வர அவர்கள் தரும் அவகாசம்.

உட்காரச் சொல்லவே இல்லைன்னா? தொண்டை வேற அடைச்சுக்குது.

நாற்காலி பக்கத்தில் நின்று இரண்டு மூச்சு நேரம் பாருங்கள். சொல்லவில்லை என்றால் "உட்காரலாமா சார்?" என்று கேளுங்கள். நாற்காலியைத் தரையில் இழுக்காமல் லேசாகத் தூக்கி நகர்த்துங்கள், பை காலடியில். தொண்டைக்கு, கதவைத் தட்டும் முன் ஒரு மடக்குத் தண்ணீர், பிறகு மூச்சை முழுசாக வெளியே விடுங்கள். பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டே பேச ஆரம்பிப்பதால்தான் முதல் வார்த்தை கீச்சென்று வருகிறது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 நேர்முகத் தேர்வுக்கும் இதேதானா? வணக்கமா, குட் மார்னிங்கா?

அங்கே கைகுலுக்கலை மறந்துவிடுங்கள். நடுவில் இருக்கும் தலைவரைப் பார்த்து முதலில், பிறகு மற்ற உறுப்பினர்களுக்கு. வணக்கமா குட் மார்னிங்கா என்பதில் பயிற்சி தருகிறவர்களே ஒத்துப்போவதில்லை. எந்த மொழியில் பதில் சொல்லப் போகிறீர்களோ அதிலேயே தொடங்குவது என் தேர்வு. கைகூப்பி "வணக்கம்" சொல்வதாக இருந்தால், ஃபைலை இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் செய்யாதீர்கள்.

பதற்றத்துல 'சார்'னு சொல்ல வேண்டிய இடத்துல மேடம்னு சொல்லிட்டா?

"சாரி சார்", ஒரே தடவை. அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள்.