சல்பேட்டில் எத்தனை இரட்டைப் பிணைப்பு? முறைசார் மின்சுமை: கேள்வி பதில்

பதினோராம் வகுப்பு மாணவி: சார், சல்பேட்டுக்கு நாலும் ஒற்றைப் பிணைப்பா போட்டேன். எல்லா அணுவுக்கும் எட்டு எலக்ட்ரான் வருது. விடைக்குறிப்பில் ரெண்டு இரட்டைப் பிணைப்பு இருக்கு. என் படத்துல என்ன தப்பு?

இரண்டு படத்திலும் 32 எலக்ட்ரான்தான் அம்மா, அதில் குறையில்லை. சுமையைக் கணக்கிட்டுப் பார். அணுவின் இணைதிற எலக்ட்ரான்களிலிருந்து, அது தனியாக வைத்திருப்பவற்றையும் பிணைப்பில் உள்ளவற்றில் பாதியையும் கழிக்க வேண்டும். உன் படத்தில் சல்பருக்கு 6 − 4, அதாவது +2. ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் 6 − 6 − 1 = −1. மொத்தம் −2. விடைக்குறிப்பில் சல்பருக்கு 6 − 6 = 0; இரட்டைப் பிணைப்புள்ள ஆக்சிஜனுக்கு 6 − 4 − 2 = 0; மற்ற இரண்டுக்கும் −1. மொத்தம் அதே −2. மொத்தம் அயனியின் சுமையோடு பொருந்தாவிட்டால் எங்கோ எண்ணிக்கை பிசகிவிட்டது என்று பொருள். உன் படத்தில் அந்தப் பிசகு இல்லை. சுமை குறைவாகப் பிரிந்திருக்கிறது என்பதால்தான் அவர்கள் இரண்டாவதை எடுக்கிறார்கள்.

இன்னொரு மாணவர்: அப்போ நைட்ரேட்டிலும் இன்னொரு இரட்டைப் பிணைப்பு போட்டா நைட்ரஜன் சுமை 0 ஆயிடுமே?

கணக்கு சரி, படம் நிற்காது. நைட்ரஜனைச் சுற்றி 10 எலக்ட்ரான் ஆகிவிடும். இரண்டாம் வரிசைத் தனிமத்துக்கு எட்டுதான் எல்லை. அந்த எல்லைக்குள் நிற்கும் படங்களுக்கிடையே மட்டும்தான் சுமையை வைத்துத் தேர்வு செய்யலாம். ஆகவே நைட்ரஜன் +1, ஓர் ஆக்சிஜன் 0, இரண்டு −1 என்றே இருக்கட்டும். இரட்டைப் பிணைப்பு எந்த ஆக்சிஜனோடு என்றால், மூன்றோடும் மாற்றி மாற்றி வரையலாம். அளந்தால் மூன்று பிணைப்பும் ஒரே நீளம், சுமார் 124 பிகோமீட்டர். முறைசார் மின்சுமையால் அந்த மூன்று படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. மூன்றும் சேர்ந்ததுதான் நைட்ரேட்.

ஒரு பெற்றோர்: சல்பேட்டில் சல்பர் +6 என்றுதானே நாங்கள் படித்தோம்? இப்போது 0, +2 என்கிறீர்களே?

நீங்கள் படித்தது ஆக்சிஜனேற்ற எண். அங்கே பிணைப்பு எலக்ட்ரான் முழுவதையும் ஆக்சிஜனுக்கே எழுதிவிடுவோம்; இங்கே பாதிப் பாதி. சல்பரின் மெய்யான சுமை இரண்டிலும் அடங்காது.

முதுகலை மாணவர்: சல்பரின் d ஆர்பிட்டால்கள் பிணைப்பில் மிகக் குறைவாகவே பங்கேற்கின்றன என்று கணக்கீடுகள் காட்டுகின்றனவே. அந்த மாணவியின் படமே மேல் இல்லையா?

நானும் அந்தப் பக்கம்தான். எதிர்த்தரப்பின் வாதம் நீளம்: சல்பேட்டில் S–O சுமார் 149 பிகோமீட்டர், கந்தக அமிலத்தில் OH தாங்கிய பிணைப்பு சுமார் 157. ஒற்றைப் பிணைப்பென்றால் ஏன் இவ்வளவு குறுக்கம் என்கிறார்கள். நேர்ச்சுமை கொண்ட சல்பர் எதிர்ச்சுமை கொண்ட ஆக்சிஜனை இழுப்பதாலும் பிணைப்பு குறுகும் என்பது என் பதில். பாடநூல் எழுதுபவர்களிடையே இது இன்னும் தீரவில்லை.

அதே மாணவி: அப்போ எனக்கு மார்க் வருமா சார்?

இரண்டு படத்தையும் சுமைகளோடு போட்டு, குறைந்த சுமையுள்ளதை விடையாகக் குறி. உன் படத்தை மட்டும் போட்டால் திருத்துபவரைப் பொறுத்தது.