கை டைமிங்கை எழுதலாமா? நன்கொடையாளருக்கு ஒரு நன்றிக் கடிதம்

கேள்வி: உதவித்தொகையில் படிக்கும் 200 மீட்டர் ஓட்டக்காரி நான். போன வருஷம் எலக்ட்ரானிக் டைமிங்கில் 25.41 விநாடி. இந்த வருஷம் தொடையின் பின்தசை கிழிந்து ஆறு வாரம் ஓடவில்லை. திரும்பி வந்து முதலில் 26.02, கடைசியாக 25.63. இடையில் ஒரு சின்ன மீட்டில் கை டைமிங்கில் 25.2 வந்தது. நன்கொடையாளருக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் அதை மட்டும் எழுது என்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் உதவி நின்றுவிடுமா?

பதில்: முதலில் உதவித்தொகை கொடுத்தபோது தந்த நிபந்தனைத் தாளை எடுத்துப் பாருங்கள். அடுத்த வருஷம் பணம் வருமா என்பதை அதில் உள்ள மதிப்பெண், வருகை, அணியில் இடம் போன்றவைதான் தீர்மானிக்கும், உங்கள் கடிதம் அல்ல. ஓட்ட நேரமும் நிபந்தனையாக இருந்தால், அவர்கள் பார்க்கப்போவது போட்டி முடிவுப் பட்டியலை. அதில் இருப்பதைக் கடிதத்தில் மறைத்துப் பயனில்லை.

இனி அந்த 25.2. ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் துப்பாக்கியின் புகையையோ ஒளியையோ கண்ட பிறகுதான் பட்டனை அழுத்துகிறார். தொடக்கத்திலேயே கொஞ்சம் நேரம் நழுவிவிடுகிறது. முடிவுக் கோட்டிலோ நீங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அவ்வளவு தாமதம் ஆவதில்லை. அதனால் கை டைமிங் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 200 மீட்டரில் அதை எலக்ட்ரானிக் நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். உங்கள் 25.2 அப்போது 25.44 ஆகிறது, போன வருஷத்து 25.41-ஐவிட இன்னும் 0.03 மெதுவாக. அதைத் தனியாக எழுதினால் 0.21 முன்னேறியதாகத் தோன்றும். நன்கொடையாளருக்குத் தடகளம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் கடிதத்தைக் காட்ட அவருக்குத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் இருப்பார். இந்த யோசனையைச் சொல்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். மாட்டிக்கொண்டால் கெடுவது உங்கள் பெயர் என்பதும் தெரியும்.

போட்டி முடிவுகளைச் சொல்லும் பகுதியை இப்படி எழுதலாம்: “இந்த சீசனில் என் சிறந்த எலக்ட்ரானிக் நேரம் 25.63. போன வருஷத்தைவிட இது 0.22 விநாடி மெதுவானது. தொடைத் தசைக் காயத்தால் ஆறு வாரம் ஓட முடியவில்லை. திரும்பிய முதல் போட்டியில் 26.02, கடைசிப் போட்டியில் 25.63. கை டைமிங்கில் ஒருமுறை 25.2 கிடைத்தது, அதை இவற்றோடு நேராக ஒப்பிட முடியாது.” காயத்துக்கு இவ்வளவு போதும். ‘பல தடைகளைத் தாண்டி’ என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது. 26.02-ஐ விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள்: அது இருந்தால்தான் 25.63 என்பது நீங்கள் ஏறி வந்த படி என்று தெரியும்.

நன்றியை அந்தப் பணம் செய்த ஒரு வேலையோடு கட்டுங்கள். பிசியோதெரபிக்குப் போனது என்றால், எத்தனை முறை போனீர்கள், எந்த வாரத்தில் மறுபடி ஓடினீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த வருஷத் திட்டத்தைச் சொல்லும்போது பதக்கம் வெல்வேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எதிரே யார் ஓடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. “தொடைத் தசைப் பயிற்சியை வாரம் இரண்டு நாள் தொடர்கிறேன், முதலில் 25.41-ஐத் திரும்ப எட்டுவதே இலக்கு” என்பது போதும். அடுத்த வருஷக் கடிதத்தை அவர் இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். மொத்தமும் ஒரு பக்கம். கூடுதல் பணம் கேட்பதை இதில் சேர்க்கவே வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு ‘நல்ல ஆங்கிலத்தில்’ எழுதித் தருபவர்களிடம் போகாதீர்கள். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பலருக்கு விற்கிறார்கள், அந்தக் கட்டு மொத்தமும் ஒரே நன்கொடையாளரின் மேஜைக்குப் போகிறது. உதவித்தொகை அலுவலகங்களும் இதற்குத் துணை: வருஷம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, நாளைக்குள் கடிதம் வேண்டும் என்று ஒரு மாதிரித் தாளை நீட்டினால் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? சீசன் முடிந்த வாரமே எழுதி வைத்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனியுங்கள். பெயர் சொல்ல விரும்பாத நன்கொடையாளர் என்றால் கடிதம் அலுவலகம் வழியாகத்தான் போகும். அவர் யார் என்று விசாரித்து நேரில் அனுப்பாதீர்கள், ‘நான் சேர்த்துவிடுகிறேன்’ என்று வருபவரிடமும் கொடுக்காதீர்கள். ‘மதிப்பிற்குரிய நன்கொடையாளருக்கு’ என்று தொடங்கினால் போதும். வழியில் பலர் பிரித்துப் படிப்பார்கள், சில இடங்களில் விழா மலரிலும் அச்சாகிவிடும். அதனால் போன் எண், வீட்டு முகவரி, ஸ்கேன் அறிக்கை எதுவும் வேண்டாம். யாராவது எண்ணைத் திருத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் தேதி போட்டு ஒரு நகல் எடுத்து வையுங்கள்: பிறகு 25.63-ஐ 25.2 ஆக்கி அனுப்பினாலும், நீங்கள் எழுதியது எது என்று காட்ட அந்த நகல் இருக்கும்.